கழுதைக் காய்ச்சல் என்று பெயர் வைத்தவர்

அலுவலகத்தில் எல்லோரும் அவரைப் பொருளாளர் என்றுதான் அழைத்தார்கள். எந்தச் சங்கத்துக்கும் அவர் பொருளாளர் இல்லை. மாவட்டச் சுகாதார அலுவலகத்தின் நோய்க் கண்காணிப்புப் பிரிவில் தலைமை எழுத்தர், அவ்வளவுதான். ஆனால் அரசுக் கடிதத்தின் தலையில் 'பொருள்' என்று ஒரு வரி இருக்கிறதே, அந்த வரியை எழுதுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. டாக்டர்கள் நான்கு பக்கம் நீட்டி முழக்கியதை நான்கே சொல்லில் சுருக்கி மேலே உட்கார வைப்பார். அதில் அவருக்கு இருந்த கர்வத்தை அந்த அலுவலகத்தின் பீரோக்களில்கூட அடைத்துவைக்க முடியாது.

படித்தவர்கள்மேல் அவருக்கு இளக்காரம். "மூணு பக்கம் எழுதுவான், கடைசி வரைக்கும் என்ன வியாதின்னு சொல்லமாட்டான்" என்பார். படிக்காதவர்கள்மேல் அதைவிட இளக்காரம். மனு கொண்டுவருகிறவர்களை நிற்கவைத்தே பேசுவார். மனுவின் மேல்வரியைச் சிவப்பு மையால் அடித்து, "இது பொருளா? இது ஒப்பாரி" என்று திருத்தித் தருவார். அவருக்குக் கோப்புப் பதிவேடு ஒன்றுதான் உலகம். அதில் பொருளுக்கான கட்டம் இரண்டு விரல் அகலம். அந்த இரண்டு விரலுக்குள் அடங்காத எதுவும் நடந்ததாகவே அவர் ஒப்புக்கொள்ளமாட்டார்.

அப்பா என்ன வேலை செய்தார் என்று யாராவது கேட்டால் "போக்குவரத்து" என்பார். பொய் இல்லை. நான்கு கால் போக்குவரத்து. அவர் அப்பா செங்கல் சூளையில் கழுதை ஓட்டியவர். பச்சைக் கல்லைக் கழுதை முதுகில் ஏற்றிச் சூளைக்குக் கொண்டுபோவதும், வெந்த கல்லைச் சாலைக்குக் கொண்டுவருவதும் வேலை. பள்ளிக்கூடத்தில் பையன்கள் இவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. வாத்தியாரும் கூப்பிட்டதில்லை. எல்லோருக்கும் ஒரே சொல் போதுமானதாக இருந்தது. அந்தச் சொல்லிலிருந்து தப்பி ஓடித்தான் அவர் படித்தார், தேர்வு எழுதினார், இஸ்திரி போட்ட சட்டைக்குள் புகுந்துகொண்டார். அக்காவும் அத்தானும் இன்னும் அதே சூளையில் நான்கு கழுதைகளோடு இருக்கிறார்கள் என்பது அலுவலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. பேருந்தில் முக்கால் மணி நேரத் தூரம்தான். வருஷத்துக்கு இரண்டு முறை போவார். திரும்பி வரும்போது செருப்பில் ஒட்டிய செம்மண்ணைப் பேருந்து நிலையத்துக் குழாயில் கழுவிவிட்டுத்தான் தெருவுக்குள் நுழைவார்.

அப்படிப்பட்டவர் மேஜைக்கு ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் சின்ன டாக்டர் வந்து நின்றாள். நோய்ப் பரவலை ஆராயவென்று புதிதாகச் சேர்ந்தவள். ஷூவெல்லாம் செம்மண். அதைப் பார்த்ததுமே பொருளாளர் தன் நாற்காலியை அரை அடி பின்னால் நகர்த்தினார்.

"சார், இது இன்னைக்கே போகணும். சூளைப் பக்கம் அஞ்சு பேருக்கு ஒரே மாதிரி காய்ச்சல். கண்ணு ரத்தமா சிவக்குது, முதுகுவலி, நாலாம் நாள்லேர்ந்து சிறுநீர் குறைஞ்சுபோகுது. ரெண்டு பேருக்குக் கிட்னி நின்னுபோச்சு. நமக்குத் தெரிஞ்ச காய்ச்சல் எல்லாத்துக்கும் டெஸ்ட் பண்ணியாச்சு, ஒண்ணும் இல்ல. ரத்த மாதிரி தலைநகர் லேப்புக்குப் போகுது."

"அஞ்சு பேரும் என்ன வேலை?"

"கழுதை ஓட்டுறவங்க. ஆனா அதை வச்சு எதுவும் சொல்ல முடியாது சார். அவங்க போற இடம், தொடுற பொருள் எல்லாத்தையும் பாக்கணும். பொருள்ல 'காய்ச்சலுடன் சிறுநீரகப் பாதிப்பு, ஐந்து நோயாளிகள், ஆய்வு'ன்னு மட்டும் போடுங்க. ஊர் பேர் வேண்டாம், மிருகம் பேர் வேண்டாம். மர்மம்னும் போட்டுடாதீங்க."

"சரிங்க மேடம்" என்றார். அவள் போனதும் பதிவேட்டைத் திறந்தார். அவள் சொன்னது கட்டத்தில் அடங்கவில்லை. அடங்காதது அவருக்குப் பிடித்தும் இருந்தது. நேற்று வந்த பெண் தனக்குப் பொருள் சொல்லிக்கொடுப்பதா? பேனாவைத் திறந்து இரண்டு விரல் கட்டத்துக்குள் கச்சிதமாக எழுதினார்: 'கழுதைக் காய்ச்சல் – தொடர்பாக.'

எழுதிவிட்டுக் கொஞ்சம் தள்ளிவைத்துப் பார்த்தார். அழகாக இருந்தது. எத்தனை வார்த்தைகள் இருக்க, அந்த வார்த்தை எப்படி அவ்வளவு லகுவாகக் கைக்கு வந்தது என்று அவர் யோசிக்கவில்லை. நாற்பது வருஷமாக வாயில் வராமல் பல்லைக் கடித்து வைத்திருந்த வார்த்தை அது. இப்போது இன்னொருவன் தலையில் ஒட்டிவிடக் கிடைத்ததும், சொந்தக்காரனைத் தெருவில் பார்த்தும் பாராமல் போகிற சுகம் அதில் இருந்தது. அதே வரியைக் கடிதத்திலும் போட்டார், கோப்பின் அட்டையிலும் போட்டார், மாவட்டம் முழுக்கப் போகும் அன்றைய அறிக்கையிலும் போட்டார்.

அலுவலகத் தலைவரான பெரிய டாக்டர் எந்தக் கடிதத்திலும் பொருளுக்குக் கீழே படித்ததாகச் சரித்திரம் இல்லை. தலையில் முடி இருந்த காலத்தில் படித்தது போதும் என்று இருப்பவர். அன்று மாலை பத்திரிகைக்காரர்கள் வந்தபோது, கோப்பின் அட்டையை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தொண்டையைச் செருமினார்.

"கழுதைக் காய்ச்சல் கட்டுக்குள் இருக்கு. மக்கள் பீதி அடையத் தேவையில்லை."

பீதி அடையத் தேவையில்லை என்று ஒரு அதிகாரி சொல்லிவிட்டால் அதன்பிறகு பீதி அடையாமல் இருக்க முடியுமா? காலைவரை 'மர்மக் காய்ச்சல்' என்று எழுதிக்கொண்டிருந்த பத்திரிகைகள் மறுநாள் ஒரு கழுதையின் படத்தைப் போட்டு அதன் கண்ணைச் சிவப்பாக்கின. தொலைக்காட்சியில் ஒருவர் கழுதையைத் தொட்டால் எத்தனை நிமிஷத்தில் கை கழுவ வேண்டும் என்று விளக்கினார். அவர் வாழ்நாளில் கழுதையைத் தொட்டிருக்க வாய்ப்பில்லை.

பொருளாளர் அந்தச் செய்தியை வெட்டித் தன் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தார். டீ கொண்டுவந்தவரிடம், "இந்தப் பேரு யார் வச்சது தெரியுமா?" என்று கேட்டு, அவர் தெரியாது என்றதும் புன்னகைத்தார். அவ்வளவு பெரிய புன்னகை அந்த முகத்தில் அதற்குமுன் வந்ததாக யாருக்கும் நினைவில்லை.

ஒரே வாரத்தில் பெயர் தன் வேலையைத் தொடங்கியது. சூளை முதலாளி கழுதைகளை உள்ளே விடாதே என்று வாசலில் கயிறு கட்டினார். கல் சுமக்கும் வேலை பெண்கள் தலைக்குப் போனது. வாய்க்கால் ஓரம் மேய்ந்த இரண்டு கழுதைகளை யாரோ கல்லால் அடித்தே கொன்றார்கள். அடித்தவர்கள் மூக்கில் துணி கட்டியிருந்தார்களாம், நோய் வந்துவிடாமல். நகராட்சி வண்டி ஒன்று மிச்சக் கழுதைகளைப் பிடித்துப்போகச் சுற்றியது. பிடித்துப்போய் என்ன செய்வார்கள் என்று கேட்டதற்கு, அதற்கு இன்னும் உத்தரவு வரவில்லை, பிடிக்கத்தான் உத்தரவு என்றார்கள்.

இதைவிடப் பெரிய வினை ஆஸ்பத்திரியில் நடந்தது. நோயாளிகள் வருவது நின்றுபோனது. அறிக்கையில் எண்ணிக்கை குறைந்ததைப் பார்த்துப் பெரிய டாக்டர் தன் நடவடிக்கையின் வெற்றி என்று மேலிடத்துக்கு எழுதச் சொன்னார். சின்ன டாக்டர் அந்த அறிக்கையைக் கையில் சுருட்டிக்கொண்டு பொருளாளர் மேஜைக்கு வந்தாள்.

"இந்தப் பேர் நீங்க வச்சதா சார்?"

"ஆமா. ஏன், சுருக்கமா இல்லையா?"

"நோய் குறையல சார். ஒளியுது. புறநோயாளி வரிசையில ஒருத்தர் நின்னா, பின்னாடி இருக்கவன் 'கழுதை வந்திருக்கு, வழி விடு'ங்கிறான். யார் வருவா? இதுக்கு மருந்து கிடையாது. நாலு நாளுக்குள்ள வந்தா சலைனும் டயாலிசிஸும் வச்சுக் காப்பாத்திடலாம். அவங்க எட்டாம் நாள் தூக்கிட்டு வராங்க."

"பேரை மாத்தினா வியாதி போயிடுமா மேடம்?"

"பேர் வச்சதால வந்த வியாதி போகும்." அவள் குரல் உயர்ந்தது. பக்கத்து மேஜைக்காரர்கள் தலையைக் கோப்புக்குள் புதைத்துக்கொண்டு காதை மட்டும் வெளியே வைத்தார்கள். "பன்றிக் காய்ச்சல்னு ஒண்ணு வந்துதே, ஞாபகம் இருக்கா? மனுஷங்ககிட்டேர்ந்து மனுஷங்களுக்குத்தான் பரவுச்சு. ஒரு நாட்டுல ஒரு பன்றிக்குக்கூட நோய் இல்லாதப்பவே லட்சக்கணக்குல வெட்டிப் போட்டாங்க. நூறு வருஷத்துக்கு முன்னாடி யுத்த காலத்துல வந்த ஃப்ளூவுக்கு ஒரு நாட்டோட பேரை வச்சாங்க. அந்த நாடு என்ன பாவம் பண்ணுச்சு? அங்கே மட்டும்தான் பத்திரிகையில மறைக்காம எழுதினாங்க. குரங்கு அம்மைன்னு ஒண்ணு பரவினதும் குரங்கை விஷம் வச்சுக் கொன்னாங்க. அந்த வைரஸை முதல்ல லேப் குரங்குல பாத்தாங்க, அதுக்குமேல குரங்குக்கும் அதுக்கும் பெரிய சம்பந்தம் இல்ல. கடைசியில அந்தப் பேரையே மாத்த வேண்டியதாச்சு. இதெல்லாம் பாத்துத்தானே உலக சுகாதார நிறுவனம் பத்து வருஷத்துக்கு முன்னாடியே சொன்னாங்க, புது நோய்க்கு ஊர், ஆள், மிருகம், சாப்பாடு, தொழில் எதோட பேரும் வைக்காதேன்னு. முதல்ல வாயில வர்ற பேர்தான் சார் நிக்கும். அதனாலதான் அன்னைக்கே சொன்னேன்."

"அப்ப எலிக் காய்ச்சல்னு சொல்றாங்களே?"

"அது பழைய பேர். பழசை எல்லாம் தோண்டி எடுக்கச் சொல்லல. புதுசா ஒரு தப்பு பண்ணாதேன்னுதான் சொல்றாங்க."

பொருளாளர் பேனா மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார். அவள் போனதும், "ஷூவைத் துடைச்சுக்கத் தெரியாது, உலக சுகாதாரம் பேச வந்துட்டா" என்று பொதுவாகச் சொன்னார். இரண்டு பேர் சிரித்தார்கள். அந்த அலுவலகத்தில் சிரிப்பதற்கும் பணிமூப்புப் பட்டியல் உண்டு.

அன்று மதியம் அக்கா போன் செய்தாள். அலுவலக நேரத்தில் அவள் போன் செய்வதே இல்லை. அவர் வராந்தாவுக்குப் போய் எடுத்தார்.

"தம்பி, உங்க அத்தானுக்கு நாலு நாளா காய்ச்சல்டா. கண்ணு செவந்து கிடக்கு. ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேங்கிறார். நீ வந்து சொன்னா கேப்பாரு."

சின்ன டாக்டர் சொன்ன கெடுவும் நாலு நாள்தான். விடுப்பு எழுதிக்கொடுத்துவிட்டுப் போனார். காரணம் என்ற இடத்தில் 'சொந்த வேலை' என்று எழுதினார்.

சூளை வரிசைக்குப் பின்னால், தகரக் கூரை போட்ட அறைகளில் கடைசி அறை. வெளியே கழுதைகளைக் காணோம். அத்தான் வைக்கோல் படுக்கையில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். சின்ன வயதில் பொருளாளரைக் கழுதைமேல் தூக்கி உட்காரவைத்து, சாலைவரை கொண்டுபோய்ப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிய ஆள். அப்போது தோளில் இவரையும் தூக்கி, கையில் கல்லையும் தூக்குவார். இப்போது திரும்பிப் படுக்கவே இரண்டு மூச்சு வாங்கியது.

"வாங்க அத்தான், போலாம். ஆட்டோ நிக்குது."

"எங்க?"

"ஆஸ்பத்திரிக்கு. நான் சொன்னா உடனே பெட் குடுப்பாங்க."

"குடுப்பாங்கடா. அட்டையில என்ன எழுதுவாங்க?"

பொருளாளர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, திரும்பவும் சொருகினார்.

"சின்ன வயசுலேர்ந்து கழுதைன்னு கேட்டாச்சு. முதலாளி சொன்னான், கேட்டுக்கிட்டேன். ரோட்டுல போறவன் சொன்னான், கேட்டுக்கிட்டேன். இப்ப கவர்மெண்டே எழுதித் தருதாம்ல. போன வாரம் பக்கத்து ரூம்காரன் போனான். வரிசையில நிக்கும்போது ஒருத்தன் கத்திக் காட்டியிருக்கான், கழுதை மாதிரியே. எல்லாரும் சிரிச்சிருக்காங்க. திரும்பி வந்துட்டான். மூணாம் நாள் செத்தான். அவன் செத்தது பெருசில்ல, வந்தவன் சோறுகூடத் தின்னலடா."

"அதெல்லாம் நான் பாத்துக்கறேன்."

"அதோட, நான் போய்ப் படுத்துட்டா வண்டி வரும். வீட்டு அட்ரஸ் எழுதிக்கிட்டு மறுநாளே வராங்க, பிராணியைப் பிடிக்க. நாலையும் மண் எடுத்த பள்ளத்துல கொண்டுபோய்க் கட்டியிருக்கேன். அதுங்களுக்குத் தும்மல்கூட இல்லடா. நோய் அதுங்ககிட்ட இருந்தா அதுங்க சாக வேண்டாமா முதல்ல?"

இந்தக் கேள்வியைப் பெரிய டாக்டர் கேட்டிருக்க வேண்டும். மாவட்டத்தில் முதல் ஆளாகக் கேட்டது காய்ச்சலில் கிடந்த ஒரு கழுதைக்காரர். பொருளாளருக்கு அந்த அறையின் வாசலில் நின்றபோது தன் சட்டையின் இஸ்திரி மடிப்பே உறுத்தியது. நான்தான் வைத்தேன், வாபஸ் வாங்கிக்கொள்கிறேன், எழுந்து வாருங்கள் என்று சொன்னால் அத்தான் வந்துவிடுவார் என்று நெஞ்சு சொன்னது. சொல்லவில்லை. 'அவசரப்படாமல் பக்குவமாகச் சொல்லலாம்' என்று தனக்குத்தானே ஒரு குறிப்பு எழுதிக்கொண்டு திரும்பிவிட்டார். கோழைத்தனத்துக்குப் பக்குவம் என்று பெயர் வைப்பதிலும் அவர் தேர்ந்தவர்தான்.

ஏழாம் நாள் அத்தானுக்கு நினைவு தப்பியது. அக்காவும் பக்கத்துப் பெண்களும் கல் சுமக்கும் தள்ளுவண்டியில் போட்டுச் சாலைவரை கொண்டுவந்து, பால் வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

அதே நாள் காலையில்தான் தலைநகர் லேப்பின் முடிவு வந்திருந்தது. புது வைரஸ். எலிகளில் காணப்படும் ஒரு வைரஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. சூளையில் கல்லை மூடிவைக்கும் வைக்கோல் போரில் பிடித்த எலிகளில் அதே வைரஸ் இருந்தது. எலி மூத்திரம் காய்ந்து தூசியாகி, போரைப் பிரிப்பவர் மூச்சில் போகிறது. கழுதை ஓட்டுகிறவர்கள் விடியற்காலையில் தீவனத்துக்காக முதலில் போரைப் பிரிப்பவர்கள், அதனால் முதலில் விழுந்தார்கள். முப்பது கழுதைகளின் ரத்தத்தைச் சோதித்திருந்தார்கள். ஒன்றில்கூட வைரஸும் இல்லை, முன்பு வந்துபோன அடையாளமும் இல்லை.

கழுதை சுமந்த கல்லை இப்போது பெண்கள் சுமந்ததால், கல்லை எடுக்கப் போரைப் பிரிப்பதும் அவர்கள்தான். அந்த வாரப் பட்டியலில் ஏழு பெண்கள் இருந்தார்கள். கழுதையைத் துரத்தியவர்கள் வைக்கோலை அப்படியேதான் வைத்திருந்தார்கள்.

மறுநாள் பதினொரு மணிக்குப் பெயர் வைக்கும் கூட்டம். உலகத்துக்கு இறுதிப் பெயர் வைக்கப்போவது இவர்கள் இல்லை, அது சர்வதேச நோய்ப் பட்டியலைப் பார்க்கிறவர்கள் வேலை. வைரஸுக்குப் பெயர் வைப்பது வேறொரு குழு. அதுவரை மாவட்டத்தில் எதைச் சொல்லி அழைப்பது என்பதுதான் கேள்வி. அதற்கே ஒன்பது பேர், ஏ.சி. அறை, தட்டு நிறைய பிஸ்கட். பொருளாளர் குறிப்பெடுக்க உட்கார்ந்தார். சட்டைப்பையில் போன் துடிப்புக்கு வைக்கப்பட்டிருந்தது.

"சூளைக் காய்ச்சல்னு வச்சிடலாமே" என்றார் கால்நடைத்துறை அதிகாரி. கழுதை தப்பித்ததில் அவருக்கு ஒரே சந்தோஷம்.

"அது தொழிலோட பேர் சார். சூளையில வேலை செய்யறவங்களைத்தான் அடுத்து அடிப்பாங்க" என்றாள் சின்ன டாக்டர்.

"எலிதானே காரணம்? எலின்னு வைங்க. எலி மனு போடாது."

"எலிக் காய்ச்சல்னு ஏற்கனவே ஒண்ணு இருக்கு. அதுக்கு மருந்து உண்டு, இதுக்குக் கிடையாது. ரெண்டும் குழம்பினா தப்பான ஊசி போட்டு அனுப்பிடுவாங்க."

"பழைய வாய்க்கால் காய்ச்சல்? சூளைப் பக்கம் ஓடுற வாய்க்கால் யாரோடதும் இல்லையே."

"அந்தப் பேர்ல பஸ் ஸ்டாப் இருக்கு, பள்ளிக்கூடம் இருக்கு, நூத்தி அறுபது வீடு இருக்கு."

பெரிய டாக்டர் பிஸ்கட்டை டீயில் தோய்த்தபடி கூரையைப் பார்த்தார். "அந்தக் காலத்துல கண்டுபிடிச்ச டாக்டர் பேரையே வைப்பாங்க. அது ஒரு மரபு" என்றார். யாருடைய பேர் என்று அவர் சொல்லவில்லை. அறையில் எல்லோருக்கும் புரிந்தது. இரண்டு பேர் அது நல்ல மரபு என்றுகூடச் சொன்னார்கள்.

"ஆள் பேரும் கூடாது சார்" என்றாள் சின்ன டாக்டர். "அதோட, யோசிச்சுப் பாருங்க. நாளைக்கு வரிசையில ஒருத்தர் நின்னு, உங்க பேரைச் சொல்லி, 'எனக்கு அது வந்திருக்கு'ம்பாரு."

பிஸ்கட் டீக்குள் உடைந்து விழுந்தது.

பிறகு அவள் எழுதிவைத்திருந்ததைப் படித்தாள்: திடீர்க் காய்ச்சல்–சிறுநீரக நோய். உடம்புக்கு என்ன ஆகிறது என்பதை மட்டும் சொல்லும் பெயர். பயமுறுத்தாது, யாரையும் காட்டிக்கொடுக்காது. கிருமியின் பெயர் முடிவானதும் அதையும் சேர்த்துக்கொள்ளலாம். சாரமே இல்லை என்று ஒருவர் குறைப்பட்டார். சாரம் இல்லாமல் இருப்பதற்காகத்தான் இவ்வளவு பாடு என்றாள். ஒப்புக்கொண்டார்கள், மதியச் சாப்பாட்டு நேரம் நெருங்கியதால்.

சுற்றறிக்கை எழுதும் பொறுப்பு பொருளாளருக்கு வந்தது. எல்லா மருத்துவமனைக்கும், பள்ளிக்கும், பத்திரிகைக்கும் போக வேண்டும். எந்தப் பெயரைச் சொல்லக்கூடாது என்று சொல்ல, அந்தப் பெயரைச் சொல்லித்தானே ஆக வேண்டும்? "'கழுதைக் காய்ச்சல்' எனும் சொல்லைத் தவிர்த்தல்" என்று தட்டச்சு செய்தார். இதுவரை அந்தப் பெயரைக் கேள்விப்படாத மலையோரத் துணைச் சுகாதார நிலையங்களுக்கும் அது முத்திரையோடு போய்ச் சேர்ந்தது. மறுநாள் காலையில் அங்கிருந்து ஒரு செவிலியர் போன் செய்து, "சார், அப்ப கழுதையைத் தொடலாமா, கூடாதா?" என்று கேட்டாள். பொருளாளர் தொலைபேசியைக் கீழே வைத்துவிட்டு மேஜைக் கண்ணாடியைத் தூக்கி, வெட்டிவைத்த செய்தியை எடுத்துக் கிழித்தார். கிழிப்பதற்கு அது ஒரு சின்னத் துண்டுக் காகிதம்தான். ஊரில் அது எத்தனை ஆயிரம் போயிருக்கும் என்று அவருக்குத் தெரியும்.

அப்போது சட்டைப்பை துடித்தது.

ஆஸ்பத்திரிக்கு அவர் போய்ச் சேர்ந்தபோது டயாலிசிஸ் இயந்திரத்தைப் பக்கத்துக் கட்டிலுக்கு நகர்த்திவிட்டிருந்தார்கள். அத்தானின் முகம்வரை துணி. டியூட்டி டாக்டர் நல்ல மனிதர், வருத்தமாகவே பேசினார். மூன்று நாள் முன்னதாக வந்திருந்தால் பிழைத்திருப்பார் என்றார். காய்ச்சலின் அந்த நான்காம் நாளில் தான் எங்கே நின்றுகொண்டிருந்தோம் என்று பொருளாளர் கணக்குப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

இறப்புச் சான்றுக்கான படிவத்தை அவர்தான் வாங்கிவந்தார். அக்கா வராந்தாவின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கையில் அத்தானின் செருப்புகள். அழுது முடித்திருந்தாள்.

"என்னடா எழுதியிருக்கு? படி."

"திடீர்க் காய்ச்சல், சிறுநீரக நோய்."

"அப்படின்னா?"

"அவருக்கு வந்ததுக்கு இப்ப அதான்க்கா பேரு. நேத்து மாத்திட்டாங்க."

அக்கா அந்தப் படிவத்தைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. "இதை முன்னாடியே எழுதியிருந்தா வந்திருப்பாரேடா" என்றாள். "இந்தப் பேருக்கு வெக்கப்பட என்ன இருக்கு? எவனுக்கு வேணா வரலாம்போல இருக்கு."

அவர் அவள் முன்னால் தரையில் உட்கார்ந்தார். இஸ்திரிச் சட்டையோடு ஆஸ்பத்திரித் தரையில். பதினைந்து நாளாக இல்லாத தைரியம் அப்போதுதான் வந்தது, யாருக்கும் பயன்படாத நேரத்தில்.

"அக்கா, அந்தப் பழைய பேரை வச்சது நான்தான்."

"எந்தப் பேரை?"

"கழுதைக் காய்ச்சல். நான்தான்க்கா எழுதினேன். என் கையாலதான்."

அக்கா கையை நீட்டி அவர் தலையைத் தடவினாள்.

"போடா. துக்கத்துல எதையாவது உளறாதே. நம்ம வீட்டுப் பிள்ளை அப்படி ஒரு பேரை வைக்குமா?"

"இல்லக்கா, நெஜமாத்தான். கேளு—"

"வாய மூடு. யாராவது கேட்டா உண்மைன்னு நினைச்சுக்கப் போறாங்க" என்று சொல்லி, புடவைத் தலைப்பால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டாள். பிறகு பள்ளத்தில் கட்டியிருக்கும் கழுதைகளுக்கு யார் தண்ணீர் வைப்பது என்று கேட்டாள்.